லிஸ்டிங் போட்டோவும் நேர்ல பாக்குற வீடும்: அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி எதை எதை ஒத்துப் பாக்கணும்

லிஸ்டிங்ல மொத்தம் 11 போட்டோ. ஹால் 4, பெட்ரூம் 3, கிச்சன் 2, பால்கனி 2. பாத்ரூம் ஒண்ணு கூட இல்ல. என் ஃப்ரெண்ட் அதைக் கவனிக்கவே இல்ல, ஹால் போட்டோவப் பாத்ததுமே ஆள் விழுந்துட்டான், சோபா டைனிங் டேபிள் ரெண்டும் போட்டாலும் இன்னும் இடம் மிச்சம் இருக்கும்டான்னு சொல்லிக்கிட்டே டோக்கன் அனுப்ப போனை எடுத்துட்டான். இன்னும் ரெண்டு பேர் கேட்டுட்டு இருக்காங்க, லேட் பண்ணா போயிடும்னு அந்தப் பக்கம் இருந்து அவசரப்படுத்தல் வேற. நேர்ல பாத்துட்டு அனுப்பலாம், ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாதுன்னு அவனை இழுத்துப் பிடிச்சேன். நான் இதுவரைக்கும் ஏழு வீடு மாறியிருக்கேன், முதல் மூணுல நல்லா ஏமாந்தவன், அதனால இந்த விஷயத்துல எனக்குக் கொஞ்சம் சந்தேக புத்தி ஜாஸ்தி. முதல் தடவை வாடகை வீடு தேடுறவங்களுக்கு அந்த ஒரு வீட்டையே வச்சு, என்ன பாத்தோம் எப்படிப் பாத்தோம்னு வரிசையா சொல்றேன்.

1. கிளம்புறதுக்கு முன்னாடி: டைல்ஸை எண்ணுங்க

போட்டோவ வச்சு ரூம் சைஸ் கண்டுபிடிக்க முடியாதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. தரையில டைல்ஸ் இருந்தா முடியும். போட்டோவப் பெருசாக்கி ஒரு சுவர்ல ஆரம்பிச்சு எதிர்ச்சுவர் வரைக்கும் எத்தனை டைல்ஸ்னு எண்ணுங்க, அப்புறம் அகலத்துக்கும் அதே மாதிரி. சோபாவுக்கு அடியில மறைஞ்சிருந்தா அடுத்த போட்டோவுல பாத்து நிரப்பிக்கலாம்.

அடுத்து ஒரு டைல் எவ்ளோ பெருசுன்னு தெரியணும். அதுக்குக் கதவு உதவும். வாசக்கதவு பெரும்பாலும் 3 அடி அகலத்துக்குப் பக்கத்துல இருக்கும், உள்ரூம் கதவு அதைவிடக் கொஞ்சம் கம்மி, பாத்ரூம் கதவு இன்னும் கம்மி. எங்க கேஸ்ல வாசக்கதவு நிலையோட அகலத்துக்குள்ள ஒன்றரை டைல் அடங்குச்சு, அப்போ டைல் 2 அடி. ஹால்ல நீளத்துக்கு 7 டைல், அகலத்துக்கு 5 டைல். ஆக 14 அடிக்கு 10 அடி, அதுவும் ஓரத்து டைல் முழுசா இருந்தா. ஓரத்துல வர்ற டைலை முக்கால்வாசி இடத்துல வெட்டித்தான் ஒட்டியிருப்பாங்க, அதனால உங்களுக்கு வர்ற கணக்குல இருந்து அரை அடி கழிச்சே வச்சுக்கோங்க. போட்டோவப் பாத்து என் ஃப்ரெண்ட் சொன்ன கணக்கு 20 அடி!

10 அடி அகலத்துல என்ன போட முடியும்னும் அப்பவே பாத்துடலாம். நாலு பேர் உக்கார்ற டேபிள் ரெண்டரை அடி அகலம்னு வைங்க, ரெண்டு பக்கமும் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்கார ஆளுக்கு ரெண்டரை அடி, ஆக மொத்தம் ஏழரை அடி அங்கயே காலி. மிச்சம் ரெண்டரை அடி நடக்குறதுக்கு. சரி சோபாவ நீளவாக்குல போட்டுக்கலாம்னு அவன் சொன்னான், அப்பதான் கதவுகளை எண்ணச் சொன்னேன். அந்த ஹால்ல நாலு கதவு, அதோட பால்கனிக்குப் போற கண்ணாடிக் கதவு. எந்தச் சுவரை எடுத்தாலும் நடுவுல ஒரு கதவு வந்து உக்காந்திருக்கு. ரூம் எத்தனை சதுர அடிங்கிறதைவிட கதவு இல்லாத முழுச்சுவர் எத்தனைங்கிறதுதான் சாமான் போடுறப்போ கணக்குக்கு வரும், இதை எந்த லிஸ்டிங்கும் சொல்லாது.

2. எந்த லென்ஸ்ல எடுத்தான்னு பாருங்க

14க்கு 10 எப்படி 20 அடியாத் தெரிஞ்சுதுன்னா, காரணம் வைட் ஆங்கிள். இப்ப வர்ற நிறைய போன்ல 0.5x னு ஒரு பட்டன் இருக்கும், அதைத் தட்டினா சாதாரண லென்ஸைவிட ரொம்ப அகலமாப் பிடிக்கும். கணக்காச் சொல்லணும்னா 1x ல போனைப் படுக்கையா வச்சு 10 அடி சுவரை முழுசாப் பிடிக்கணும்னா சுமாரா 7 அடி பின்னாடி நிக்கணும், 0.5x ல மூணரை நாலு அடி பின்னாடி நின்னாலே போதும். பக்கத்துல இருக்கிறதைப் பெருசா காட்டும், தூரத்துல இருக்கிற சுவரை இன்னும் தூரமா தள்ளி விட்டுடும், அதனால நடுவுல இருக்கிற தரை மைதானம் மாதிரி தெரியும்.

கண்டுபிடிக்கிறது ஈஸி. போட்டோவோட நாலு மூலையையும் பாருங்க. மூலைக்குப் பக்கத்துல வட்டமா இருக்க வேண்டிய சாமான் ஏதாவது, சுவர்க் கடிகாரமோ தட்டோ பூந்தொட்டியோ, முட்டை மாதிரி இழுத்துக்கிட்டு இருந்தா அது வைட் ஆங்கிள்தான். ஓரத்துல இருக்கிற சோபாக் கை மட்டும் ரெண்டு மடங்கு நீளமா இருக்கும். ஃபேன் றெக்கைல ஒண்ணு மட்டும் நீளமா இருக்கும். சின்ன ரூம்ல எடுத்த ஒரே போட்டோவுல மூணு சுவரும் தரையும் சீலிங்கும் சேர்ந்து தெரிஞ்சாலும் அதேதான்.

வைட் ஆங்கிள்ல எடுக்குறது ஒண்ணும் மோசடி இல்ல, சின்ன ரூமை வேற எப்படித்தான் ஒரே போட்டோவுல காட்டுறது, நானும் என் பழைய வீட்டை அப்படித்தான் எடுத்துப் போட்டேன். கண்ணு சொல்ற சைஸை நம்பாதீங்க, டைல்ஸ் சொல்றதை நம்புங்க, அவ்ளோதான்.

3. எல்லா போட்டோவும் ஒரே வீடுதானா

இதைப் பண்ணாம நிறைய பேர் மாட்டுறாங்க. போட்டோக்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சு மாறாத விஷயங்களை ஒத்துப் பாருங்க. ஜன்னல் கம்பி டிசைன், சுவிட்ச் போர்டு, கதவுக் கைப்பிடி, தரையோரமா சுவர்ல ஓடுற பட்டை, டைல்ஸ் கலர். சோபாவும் திரைச்சீலையும் மாறும், இதெல்லாம் ஒரு வீட்டுக்குள்ள அவ்ளோ சீக்கிரம் மாறாது.

எங்க லிஸ்டிங்ல பெட்ரூம் போட்டோ மூணுல ரெண்டுல பெரிய வெள்ளைப் பட்டன் வச்ச புது மாடல் சுவிட்ச், மூணாவதுல பழைய மாடல் சின்ன சுவிட்ச். ஜன்னல் கம்பியும் ஒண்ணுல நேர்கோடு, இன்னொண்ணுல கட்டம் கட்டமா. ஒரே ஒரு பெட்ரூம் இருக்கிற வீட்டுல இது எப்படிங்க வரும்? போன் போட்டுக் கேட்டோம். அது மேல் மாடி வீடு சார், ரெண்டும் ஒரே டைப்தான், இந்த வீட்டுக்கும் அப்படியே மாத்திடுவோம்னாங்க. "ஒரே டைப்"ங்கிற வார்த்தை காதுல விழுந்தாலே நோட் பண்ணிக்கோங்க. நீங்க குடியிருக்கப் போறது எந்தக் கதவு நம்பரோ அந்தக் கதவைத் திறந்து பாக்குற வரைக்கும் வேற எந்த வீட்டைக் காட்டினாலும் அது வெறும் சாம்பிள்தான்.

போட்டோ எவ்ளோ பழசுன்னும் சில சமயம் கண்டுபிடிக்கலாம். லிஸ்டிங்ல ஏத்துற போட்டோவுல எடுத்த தேதி விவரம் பெரும்பாலும் அழிஞ்சு போயிருக்கும், ஆனா சுவர்ல தொங்குற காலண்டரை யாரும் அழிக்கிறதில்ல. ஸூம் பண்ணிப் பாருங்க, வருஷம் படிக்கிற அளவுக்குத் தெரிஞ்சா உங்க அதிர்ஷ்டம். எங்க கிச்சன் போட்டோவுல தெரிஞ்சுது, 4 வருஷம் பழசு.

போட்டோவ அப்படியே கூகுள் லென்ஸ்ல போட்டும் பாருங்க. அதே படம் வேற ஊர்ல, வேற வாடகைல, வேற ஆள் பேர்ல வந்தா அதோட அந்த லிஸ்டிங்கை மூடிட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க. எதுவும் வரலைன்னா நல்ல லிஸ்டிங்னு அர்த்தம் இல்ல, வேற இடத்துல கிடைக்கலைன்னு மட்டும்தான் அர்த்தம்.

4. எதைக் காட்டலைன்னு ஒரு லிஸ்ட் போடுங்க

ஒரு பேப்பர்ல வீட்டோட தரைப்படத்தைக் கிறுக்கலா வரைஞ்சு, ஒவ்வொரு போட்டோவுலயும் தெரியுற சுவரை டிக் பண்ணிட்டே வாங்க. கடைசில டிக் ஆகாத சுவர் சில இருக்கும். நேர்ல போறப்போ முதல்ல பாக்க வேண்டியது அந்தச் சுவர்கள்தான். எங்களுக்கு டிக் ஆகாதது முழு பாத்ரூம், கிச்சன் சிங்க்குக்கு அடியில, அப்புறம் பெட்ரூம்ல கட்டில் தலைமாட்டுப் பக்கச் சுவர். அந்தச் சுவர் போட்டோவுல இருந்துச்சு, ஆனா உயரமான தலைமாட்டுப் பலகையும் அதுக்கு ரெண்டு பக்கமும் அலமாரியும் சேர்ந்து கீழ் பாதியை மொத்தமா மறைச்சிருந்துச்சு. மறைச்சு வச்சிருக்காங்கன்னு நான் அப்ப நினைக்கல, தெரியலைன்னு மட்டும் குறிச்சுக்கிட்டேன்.

ஜன்னலையும் பாருங்க. வெளியே ஒண்ணுமே தெரியாம வெள்ளையா எரிஞ்சு போயிருந்தா வெளிச்சம் கொட்டுதுன்னு நினைக்காதீங்க. ஜன்னலுக்கு மூணு அடி தள்ளி பக்கத்துக் கட்டடத்துச் சுவர் இருந்தாலும் போட்டோவுல இப்படி வரலாம். பகல்ல எடுத்த போட்டோவுல எல்லா லைட்டும் எரியுதுன்னா அதையும் குறிச்சுக்கோங்க.

தூரத்து ஊர்ல இருக்கீங்க, சும்மா போய்ப் பாக்க முடியாதுன்னா, கிளம்புறதுக்கு முன்னாடி வீடியோ கால் கேளுங்க. எடுத்து வச்ச வீடியோ வேண்டாம், லைவ். தெருவுல ஆரம்பிச்சு கட் இல்லாம மாடி ஏறி, கதவு நம்பரைக் காட்டி, உள்ள போய் நீங்க சொல்ற சுவரைக் காட்டி, குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்க. முடியாதுன்னு இழுத்தா நீங்க டிக்கெட் காசை மிச்சம் பண்ணிட்டீங்க. ஆனா இது போகலாமா வேண்டாமான்னு முடிவு பண்றதுக்கு மட்டும்தான், காசு அனுப்புறதுக்கு இது போதாது.

5. நேர்ல: போட்டோ எடுத்தவன் நின்ன இடத்துல நில்லுங்க

ஒரு அளவு டேப், போன் சார்ஜர், போட்டோக்கள், இது போதும். பகல்ல போங்க, முடிஞ்சா மழை பெஞ்சதுக்கு மறுநாள் போங்க.

உள்ள போனதும் லிஸ்டிங் போட்டோவத் திறந்து வச்சுக்கிட்டு அது எந்த இடத்துல நின்னு எடுத்ததோ அதே இடத்தைத் தேடி நில்லுங்க. கேக்க சின்னப்புள்ளத்தனமா இருக்கும், ஆனா இதுதான் எனக்கு அதிகமா உதவுன வேலை. நாங்க ஹால்ல தேடுறோம் தேடுறோம் அந்த ஆங்கிள் கிடைக்கவே இல்ல, முதுகு சுவத்துல முட்டுது, அப்பவும் போட்டோவுல இருக்கிற அளவுக்கு வரல. கடைசில பாத்தா கண்ணாடிக் கதவைத் திறந்துட்டு பால்கனிக்குள்ள நின்னு எடுத்திருக்கான். பால்கனியோட நாலு அடியும் ஹாலோட சேர்ந்துடுச்சு. டேப் பிடிச்சுப் பாத்தா 13 அடி 7 அங்குலம், 9 அடி 8 அங்குலம். டைல்ஸ் பொய் சொல்லல.

அப்புறம் எல்லா லைட்டையும் அணைக்கச் சொல்லிட்டு ரெண்டு நிமிஷம் சும்மா நில்லுங்க. அந்த வெளிச்சத்துலதான் பகல் முழுக்க இருக்கப் போறீங்க. சார்ஜரை ஒவ்வொரு பிளக்லயும் செருகிப் பாருங்க, போன்ல சிக்னல் ஒவ்வொரு ரூம்லயும் எப்படி இருக்குன்னு ஒரு கால் பேசிப் பாருங்க, இதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை.

6. புதுப் பெயிண்ட்டும் ஈரமும்

இங்கதான் நேரத்தைச் செலவழிக்கணும், ஏன்னா ஈரத்தை எந்தப் போட்டோவும் காட்டாது. பெயிண்ட் அடிச்ச ஒரு மாசத்துக்கு உங்க கண்ணுக்கும் காட்டாது.

வீடு முழுக்கப் புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா சந்தோஷம். ஒரே ஒரு சுவருக்கு மட்டும், அல்லது ஒரு சுவரோட கீழ் பாதிக்கு மட்டும் அடிச்சிருந்தா ஏன்னு கேளுங்க. நேர்ல பாத்து தெரியலைன்னா போன் டார்ச்சை சுவத்தோட ஒட்டிச் சாய்வாப் பிடிங்க, மேடு பள்ளம், கொப்புளம், பட்டி பாத்த இடம் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். கீழ்ப்பக்கம் விரலால தேய்ச்சா வெள்ளைப் பொடி ஒட்டுதான்னு பாருங்க, அது உப்பு, சுவத்துக்குள்ள போன தண்ணி காயும்போது வெளிய கொண்டு வந்து விட்டுட்டுப் போறது. விரல் முட்டியால தட்டினா நல்ல பூச்சு கெட்டியா சத்தம் குடுக்கும், விட்டுப்போன பூச்சு டொக்கு டொக்குன்னு காலியா கேக்கும். சுவத்தோட ஒட்டின அலமாரி இருந்தா திறந்து முகத்தை உள்ள விட்டு மோந்து பாருங்க. ரூமுக்கு ஸ்ப்ரே அடிச்சிருப்பாங்க, அலமாரிக்குள்ள யாரும் அடிக்கிறதில்ல.

சீலிங்ல மஞ்சளா வளையம் மாதிரி கறை, ஓரம் மட்டும் பழுப்பா இருந்தா, மேல இருந்து தண்ணி வந்து காஞ்சிருக்கு. நேரா மேல பாத்ரூம் இருக்கான்னு கேளுங்க.

எங்க வீட்டுக்கு வருவோம். நாங்க போனப்போ கட்டில் எல்லாம் எடுத்தாச்சு, காலி ரூம். தலைமாட்டுச் சுவர்ல இடுப்பு உயரம் வரைக்கும் ஒரு வெள்ளை, அதுக்கு மேல கொஞ்சம் மங்கின வெள்ளை. டார்ச் அடிச்சா கீழ்ப்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கு. தட்டினா காலிச் சத்தம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்னன்னு பாத்தா, போட்டோவுல வராத அந்த பாத்ரூம்!

பாத்ரூம்ல ஒரு மக் தண்ணிய நடுத்தரையில ஊத்தினோம். தண்ணி ஓட்டைப் பக்கம் போகணும். இது எதிர்ப்பக்கம் போய் அதே சுவத்தோரமா தேங்கி நின்னுச்சு, பத்து நிமிஷம் கழிச்சு வந்து பாத்தப்பவும் அங்கயே நிக்குது. சரிவு தப்பு, சுவத்தோரத்துல டைல்ஸ் இடுக்குல இருந்த சிமெண்ட்டும் போயிருக்கு. தினமும் குளிக்கிற தண்ணி அங்கயே நின்னு நின்னு உள்ள இறங்கி பெட்ரூம் பக்கம் வந்திருக்கு. இதுக்கு பெட்ரூம்ல பெயிண்ட் அடிச்சு எத்தனை தடவை மூடினாலும் திரும்ப வரும், பாத்ரூம் தரையைத்தான் சரி பண்ணணும். பெட்ரூம்ல மட்டும் பாத்துட்டு வந்திருந்தா பழைய கறை, சரி பண்ணிட்டாங்கன்னு விட்டிருப்போம்.

அங்க இருக்கும்போதே தண்ணி வரத்தையும் பாத்துடுங்க. 10 லிட்டர் பக்கெட் ஒரு நிமிஷத்துக்குள்ள நிரம்பினா நல்லா வருதுன்னு அர்த்தம், ரெண்டு நிமிஷம் தாண்டினா குளிக்கிற நேரம் கஷ்டம். அப்படியே கிச்சன் குழாயையும் திறந்துட்டு இங்க எவ்ளோ குறையுதுன்னு பாருங்க. எந்த நேரம் தண்ணி வரும், வராதுங்கிறதை ஓனர்கிட்ட கேக்குறதைவிட பக்கத்து வீட்டுல கேட்டா சரியான பதில் வரும். அப்படியே ராத்திரி சத்தம் பத்தியும் கேட்டுடுங்க, முடிஞ்சா நீங்களே ஒரு தடவை சாயங்காலம் எட்டு மணிக்கு மேல போய் வாசல்ல நின்னு பாருங்க.

7. காசு குடுக்குறதுக்கு முன்னாடி

ஓனர் வெளிநாட்டுல இருக்காரு, அட்வான்ஸ் போட்டுட்டா சாவியை அனுப்பிடுவாருன்னு சொன்னா மேல பேசவே வேண்டாம், போனை வச்சுடுங்க. வீட்டைத் திறந்து காட்டுற ஆள் ஓனரா, புரோக்கரா, இப்போ இருக்கிற வாடகைக்காரரான்னு நேராக் கேளுங்க. சாவி வச்சிருக்கிறதால மட்டும் ஓனர் ஆகிட மாட்டாங்க. கரண்ட் பில்லோ வீட்டு வரி ரசீதோ கேளுங்க, அதுல இருக்கிற பேர், அடையாள அட்டையில இருக்கிற பேர், காசு போகப்போற பேங்க் அக்கவுண்ட் பேர், மூணும் ஒண்ணா இருக்கணும். வேற பேர்ல இருந்தா, அப்பா பேர்ல இருக்கு அண்ணன் பேர்ல இருக்குன்னா, அந்த ஆளோட பேசாம குடுக்காதீங்க. உண்மையாவும் இருக்கலாம், ஆனா பேசினப்புறம்தான் அது தெரியும்.

டோக்கன்னு சொல்லிக் கொஞ்சமா கேட்டாலும், எந்த வீட்டுக்கு, எவ்ளோ, என்ன தேதி, எப்போ குடி வரலாம், வேண்டாம்னா திரும்பக் கிடைக்குமா கிடைக்காதாங்கிறது மெசேஜ்லயாவது எழுத்துல இருக்கணும். போட்டோவுல இருக்கிற சாமான் எது வீட்டோட வருது, எது போகுதுன்னும் அதுலயே எழுதி வாங்குங்க. போட்டோவுல இருந்த ஏசியும் ஹீட்டரும் முன்னாடி இருந்தவங்களோடதா இருந்து, குடி போற அன்னைக்கு சுவத்துல ஓட்டை மட்டும் இருந்தது என் ரெண்டாவது வீட்டுல நடந்துச்சு.

குறை இருந்தும் வீடு பிடிச்சிருந்தா, அந்தக் குறையை அங்கயே போட்டோ எடுத்து, கரண்ட் மீட்டர் ரீடிங்கோட சேர்த்து, ஓனரோட நம்பருக்கே அனுப்பி "இதை இந்தத் தேதிக்குள்ள சரி பண்ணித் தர்றதா சொன்னீங்க"ன்னு ஒரு வரி போடுங்க. சரின்னு பதில் வந்தப்புறம் காசு. பதில் வரலைன்னா காசும் போக வேண்டாம். நீங்க காலி பண்றப்போ அட்வான்ஸ்ல கழிக்கிற பேச்சு வரும்போது அந்த போட்டோதான் பேசும்.

எங்க கேஸ்ல பாத்ரூம் தரையைச் சரி பண்ணிக் குடுங்க, வாடகை நீங்க சொன்னதே தர்றோம்னு ஃப்ரெண்ட் கேட்டான். அவங்க இன்னொரு கோட் பெயிண்ட் அடிச்சுத் தர்றேன்னாங்க. வந்துட்டோம். ரெண்டு மாசம் கழிச்சு அந்த லிஸ்டிங் திரும்ப மேல வந்துச்சு, அதே 11 போட்டோ, அதே காலண்டர்.